திறப்பு விழாவில் தெரிந்த கட்டி

புது ஸ்கேன் மெஷினைத் திறந்துவைக்கத்தான் தலைவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இரும்புச் சாமான் வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் தலைவர். கத்தரிக்கோலும் ரிப்பனும் இருக்கிற இடமென்றால் கடையைப் பூட்டிவிட்டுக்கூட வந்துவிடுவார். ரிப்பனை வெட்டி முடித்ததும் போட்டோக்காரர், "சும்மா நிக்கறதுக்குப் பதிலா, அந்தக் கட்டில்ல படுத்தீங்கன்னா படம் அமோகமா வரும் தலைவரே" என்றார். படம் வரும் என்றால் தலைவர் எங்கே வேண்டுமானாலும் படுப்பார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிப் படுத்தார். கை தட்டினார்கள்.

ஸ்கேன் டாக்டரம்மா அவர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அப்படி இப்படி ஓட்டினார். "கல்லீரல்ல கொழுப்பு கொஞ்சம் தாராளமா இருக்கு சார்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பிறகு வலது விலாவுக்கடியில் கருவி நின்றுவிட்டது.

"டாக்டர், கேமராவப் பாருங்க!" என்றார் போட்டோக்காரர்.

டாக்டரம்மா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கருவியைச் சாய்த்தார், அழுத்தினார். தலைவர் மட்டும் புகைப்படத்துக்காகச் சிரித்துக்கொண்டே இருந்தார். எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபின் அறைக்குள் டாக்டரம்மாவைத் தவிர மூன்று பேர்தான் இருந்தார்கள்: தலைவர், அவர் மனைவி, சங்கத்தின் செயலாளரும் மனைவியின் தம்பியுமான மச்சினன்.

"மூணு சென்டிமீட்டர்ல ஒரு கட்டி தெரியுது" என்றார் டாக்டரம்மா. "பயப்படாதீங்க. அநேகமா ஹீமாஞ்சியோமாவா இருக்கும். ரத்தக்குழாய்ங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு உண்டான முடிச்சு. நூறு பேருக்கு ஸ்கேன் பண்ணா ரெண்டு மூணு பேருக்காவது இருக்கும். முக்காவாசிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. புற்றுநோயா மாறாது, வேற எங்கயும் பரவாது."

"அப்பறம் ஏன் உங்க முகம் அப்படிப் போச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"வழக்கமா இது ஸ்கேன்ல வெள்ளையா, பளிச்சுனு தெரியும்மா. இவர் கல்லீரல் கொழுப்பால ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கு. அதுக்கு நடுவுல இது கறுப்பாத் தெரியுது. கறுப்பாத் தெரியறது வேற ஏதாவதாவும் இருக்கலாம். அதனால உறுதி பண்ணிக்கணும். மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தா தெரிஞ்சிடும்."

இவ்வளவு சொன்னதில் தலைவர் காதில் தங்கியது 'வேற ஏதாவதாவும்' மட்டும்.

"ஊசியால குத்தி கொஞ்சம் எடுத்துப் பாத்துட்டா கதை முடிஞ்சுதுல்ல?" என்றான் மச்சினன். சங்கத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் முதல் கை அவனுடையதுதான்.

"ரத்தக்குழாய் முடிச்சுக்குள்ள ஊசி போட்டா ரத்தம் கசியும் சார். படத்துலயே தெரியறதுக்கு எதுக்குக் குத்தணும்?"

எம்.ஆர்.ஐ.க்கு ஐந்து நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. மச்சினன் போனை எடுத்தான். மறுநாள் காலையிலேயே இடம் வந்தது. ஒரு வாத்தியாரம்மாவைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். "நம்ம செல்வாக்கு அத்தான்" என்றான். தலைவர் தலையாட்டினார். ஏறியிருந்த பயம் ஒரு விரற்கடை இறங்கியதுபோல இருந்தது.

மறுநாள் மோதிரம், கடிகாரம், சங்கத்தின் பேட்ஜ் எல்லாவற்றையும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கியில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போனார். அவசரம் என்றால் அமுக்க ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். தலைக்குப் பக்கத்தில் தகரக்கடை இடிபடுகிற சத்தம். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று ஒரு பெண்குரல். ஆயிரம் பேர் கூட்டத்துக்கு மைக்கில் கட்டளையிட்டவர், மூச்சை நிறுத்தினார். கையில் மருந்து சில்லென்று ஏறியது. மறுபடி இடி, மறுபடி மூச்சு. அப்புறம் சத்தம் நின்றது.

"இப்ப கொஞ்ச நேரம் காத்திருக்கணும் சார். கடைசிப் படம் சில நிமிஷம் கழிச்சுத்தான். அசையாதீங்க."

அந்த அமைதியில் அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். எதற்காகக் காத்திருக்கிறார்கள்? எதையோ பார்த்துவிட்டார்களா? டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறார்களா? பந்தை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வெளியே இழுத்ததும், "பதினொரு மணிக்கு எனக்கு மீட்டிங், எவ்வளவு நேரம் போட்டு வைப்பீங்க?" என்று சத்தம் போட்டு, உடையை மாற்றி, மனைவியோடும் மச்சினனோடும் காரில் ஏறிவிட்டார். பதினொரு மணிக்கு மீட்டிங் எதுவும் இல்லை. அது மச்சினனுக்கும் தெரியும்.

மாலையில் டாக்டரம்மா போனில் சொன்னார்: "நேத்து எடுத்த ரத்தப் பரிசோதனையில மஞ்சள்காமாலைக் கிருமி இல்ல, நல்லது. படமும் நல்ல பக்கமாத்தான் காட்டுது. மருந்து ஓரத்துல திட்டுத்திட்டாப் புடிச்சு உள்ளே நகர ஆரம்பிச்சிருக்கு. ஹீமாஞ்சியோமால ரத்தம் ரொம்ப நிதானமா ஓடும். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு மெதுவா நிறைஞ்சு, வந்த மருந்தைப் புடிச்சு வச்சுக்கும். கெட்ட கட்டி பெரும்பாலும் சடார்னு மருந்தை வாங்கிட்டு சடார்னு விட்டுடும். அந்தக் கடைசிப் படம்தான் வித்தியாசத்தைச் சொல்லும். நீங்க எழுந்து போயிட்டீங்க. பாக்காததை நான் எழுத மாட்டேன்."

"நாளைக்கே வரேன்."

"மருந்தை மறுநாளே ஏத்தறதில்ல. ஒரு வாரம் போகட்டும்."

அந்த ஒரு வாரத்தைக் குறைக்க மச்சினன் மூன்று பேருக்கு போன் போட்டான். மூன்று பேரும் "பேசிட்டுச் சொல்றேன்" என்றார்கள். அதில் ஒருவர் அப்படியே டாக்டரம்மாவிடம் தன் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டு வைத்தார்.

அந்த வாரம் தலைவர் கடையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அரை அங்குல ஆணி கேட்டவருக்கு ஆறு அங்குலத்தைக் கட்டிக் கொடுத்தார். பூட்டு வாங்க வந்தவரிடம் சாவியைத் தர மறந்தார். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். விலாவுக்கடியில் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தொட்டதால் வலித்ததும், "வலிக்குது பாரு" என்றார் மனைவியிடம்.

"எனக்கும்தான் அங்க குத்தினா வலிக்கும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

இரண்டாம் முறை போனபோது மச்சினனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால் ஏழு பேர். எட்டாவதாக உட்கார்ந்தார். குழாய்க்குள் இடி ஓய்ந்து அந்த அமைதி வந்தபோது பந்து கையில் இருந்தது. அமுக்கவில்லை. தன் உடம்புக்குள் எங்கோ, தன் சொல் பேச்சு கேட்காத ரத்தம் தன் இஷ்டத்துக்கு ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதை யாரிடம் சொல்லி விரட்டுவது? கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் போயிற்று; அசையக் கூடாது என்பதால் துடைக்கவில்லை.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் படத்தில் ஓரமாகச் சில வெள்ளைத் திட்டுகள். அடுத்ததில் அவை தடித்திருந்தன. கடைசியில் வட்டம் முழுக்க வெள்ளை.

"ஹீமாஞ்சியோமாதான். சந்தேகமில்ல. எழுதிட்டேன்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"மாத்திரை?"

"இல்ல."

"எடுத்துட்டா?"

"பெருசாகி வலிச்சாத்தான் அந்தப் பேச்சே. அது பாட்டுக்கு அது இருக்கும், நீங்க பாட்டுக்கு நீங்க இருங்க. கொழுப்பைக் குறைக்க தினம் நடங்க. அது வேற கணக்கு."

"யாரையாவது பாக்கணுமா? பெரிய எடமா இருந்தாலும்..."

"யாரும் வேண்டாம் சார்."

தலைவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். விரல்கள் ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. மனைவி குனிந்து, ஒவ்வொன்றாக, கழுத்துவரை போட்டுவிட்டாள். கதவைத் திறந்த உதவியாளர், உள்ளே இருப்பது யாரென்று பார்க்காமலே, "அடுத்தவர் நிக்கிறாங்க, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?" என்றார்.

"இதோ" என்று எழுந்து, தலைவர் வழிவிட்டார்.