இரண்டு கடிதங்களில் ஒரே பத்தி

அவள் எழுதிய முதல் கடிதத்தைப் படித்த அண்ணன் முகத்தைச் சுளித்தான். ‘எனக்கு முன்அனுபவம் ஏதுமில்லை. வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன்’ என்று காலில் விழாத குறையாக எழுதியிருந்தாள்.

“சகிக்கல. வேலை கேக்குறியா, மன்னிப்பு கேக்குறியா? மருந்தகத்துல இன்டர்ன்ஷிப் போய் டோக்கன் புரோகிராம் எழுதினியே, அது எங்க?”

“அது சம்பளம் இல்லாத வேலைண்ணா.”

“இருந்தா என்ன? என்ன பிரச்சனை, நீ என்ன செஞ்ச, அதுக்கப்புறம் என்ன மாறுச்சு, அதை எழுது.”

எழுதினாள். மதியத்துக்குமேல் டோக்கன் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதையும், கவுன்டரில் சண்டை வந்ததையும், அங்கேயே உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததையும் ஒரே பத்தியில் அடக்கினாள். அவள் விண்ணப்பித்த நிறுவனம் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்வது. ஆகவே இந்த அனுபவம் அங்கே எப்படிப் பயன்படும் என்றும் ஒரு வரி சேர்த்தாள். வீட்டில் அண்ணன் ஒருவன் சம்பளம்தான். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

அதே புரோகிராமைத்தான் அவள் அணி கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட்டாகக் காட்டியது. அந்த அணியில் ஒருவன் துரும்பைக்கூட நகர்த்தாமல், கடைசி நாள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போனான். அதனால் அவனுக்கு ‘லீடர்’ என்று பெயர். “மாடலுக்கு உன் லெட்டரைக் குடேன், சும்மா பாத்துக்கறேன்” என்று அவன் கேட்டபோது இவளும் அசடு மாதிரி அனுப்பிவைத்தாள்.

நேர்காணலுக்குப் போனால் அவனும் அங்கே வந்திருந்தான். மேலாளர் அம்மாள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, மேசையில் இரண்டு கடிதங்களைப் அருகருகே வைத்தார். ஒரு பத்தி அச்சு அசல் அப்படியே இருந்தது. பக்கத்தில் லீடரோ வாய் கூசாமல், “ஆமா மேடம், நான்தான் போய் உட்காந்து பாத்தேன்” என்றான்.

“காரணத்தைக் கண்டுபிடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. என்ன காரணம்?”

“சர்வர் லோடு மேடம்.”

மேலாளர் இவள் பக்கம் திரும்பினார்.

“அங்க சர்வரே கிடையாது மேடம். ஒரே கம்ப்யூட்டர். மருந்து குடுக்கறவர் சாப்பிடப் போறப்ப அணைச்சுட்டுப் போவார். நான் எண்ணை மெமரியில மட்டும்தான் வெச்சிருந்தேன், அணைச்சதும் போயிடும். தப்பு என்னோடதுதான். அப்புறம் ஒவ்வொரு டோக்கனையும் ஃபைல்ல எழுதி வெக்கற மாதிரி மாத்தினேன்.”

மேலாளர் லீடரின் கடிதத்தை விரல் நுனியால் அவனிடமே தள்ளினார். “நீங்க போகலாம்.”

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது அவன் வாசலிலேயே நின்றிருந்தான். வெட்கப்பட்டுத்தான் நிற்கிறான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

“காரணத்தையும் லெட்டர்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? உன்னாலதான் மாட்டினேன். பரவால்ல விடு, அடுத்த கம்பெனிக்கு எழுதறப்ப முழுசா எழுதி அனுப்பு.”

சாக்கடையில் கால் வைத்தாற்போல அவள் ஓரடி விலகி நின்றாள்.

“அடுத்த கம்பெனிக்கு நான் எழுதப் போறதில்ல. திங்கக்கிழமை இங்க வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”