இருபதாயிரத்துக்கு மேலே

அவர் ஒரு அச்சகத்தில் பிழைதிருத்துநர். வீட்டிலிருந்து அச்சகம் நான்கு கிலோமீட்டர். அவருடைய மனைவி மருத்துவமனைகளில் இருக்கும் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். காலையில் கருவிப்பெட்டியோடு கிளம்பினால் எந்த ஊரில் மதியம் சாப்பிடுவாள் என்று அவளுக்கே தெரியாது.

இதுவரை ஊருக்குள் சுற்ற நிறுவனம் அவளுக்கு ஒரு சின்ன வண்டி கொடுத்திருந்தது. அதை இனி திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக் கார் வாங்கினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று படி தருவார்கள். வெளியூருக்கு மட்டும் வழக்கம்போல நிறுவன வேன் உண்டு. அந்த வேன் அவளுடன் வேலை பார்ப்பவரிடம் இருந்தது. எப்போதும் சிரித்த முகமாக இருப்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சிரிப்பு' என்று பெயர்.

கார் வாங்குவது என்று முடிவானதும், "பெட்ரோலா டீசலான்னு நீங்களே கணக்குப் போட்டு வைங்க. என் டைரி மேஜைலதான் இருக்கு" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது அவர் டைரியை எடுத்தார். தேதி, மருத்துவமனை, எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாள். வேனில் போன நாட்களுக்கு ஓரத்தில் 'சி' என்று ஒரு குறி. முதல் பத்துப் பக்கம் வரை அவர் கூட்டிக்கொண்டுதான் போனார். பிறகு கூட்டல் நின்றது. 'சி'க்களை எண்ண ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் நாற்பத்தொரு தடவை. போக வர சராசரி இருநூற்று எழுபது கிலோமீட்டர். குறைந்தது ஐந்து மணி நேரம், பக்கத்துப் பக்கத்து இருக்கையில்.

ஐந்து மணி நேரம் இரண்டு பேர் என்னதான் பேசுவார்கள்? தானும் அவளும் கடைசியாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. போன மாதம் அவள் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "டீல சக்கரை போட்டுட்டாங்கன்னு நீங்க பார்த்த பார்வை இருக்கே" என்று அந்த ஆள் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அவள் டீயில் சர்க்கரை போடுவதில்லை என்பது ஊரான் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் ஊருக்குள் தானே ஓட்டியது பதின்மூவாயிரம். 'சி' போட்டது பதினோராயிரம். இரண்டையும் கூட்டி, அடியில் இருபத்துநாலாயிரம் என்று எழுதினார்.

புதன்கிழமை இருவரும் கார் கடைக்குப் போனார்கள். ஒரே மாதிரிக் காரில் இரண்டு வகையும் இருந்தன. விற்பனைப் பெண் நிதானமானவள். தாளை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"டீசல் வண்டி விலை ஒரு லட்சத்து நாப்பதாயிரம் அதிகம் சார். சர்வீஸ், இன்சூரன்ஸ்னு வருஷத்துக்கு இன்னொரு ஏழாயிரம் கூட வரும். அஞ்சு வருஷம் வச்சிருந்தீங்கன்னா மொத்தம் ஒன்னே முக்கால் லட்சம் அதிகம். பெட்ரோல் லிட்டர் நூறு, பதினாறு கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு ஆறேகால். டீசல் லிட்டர் தொண்ணூறு, இருபது ஓடும். கிலோமீட்டருக்கு நாலரை. அப்ப ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்னே முக்கால் மிச்சம்."

"அப்படின்னா ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினாத்தான் கட்டும்" என்றாள் மனைவி.

"அதேதான் மேடம். வருஷத்துக்கு இருபதாயிரம். அதுக்கு மேல ஓட்டுறவங்களுக்கு டீசல், கீழன்னா பெட்ரோல். நீங்க எவ்வளவு ஓட்டுவீங்க?"

"இருபத்துநாலு" என்றார் அவர் முந்திக்கொண்டு.

"அப்ப யோசிக்கவே வேண்டாம் சார். டீசல்தான்."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "இருபத்துநாலா? எப்படி வரும்? நான் ஊருக்குள்ள பதின்மூணுக்கு மேல ஓட்டினதே இல்லையே."

"எல்லாம் சேர்த்துத்தான்."

"எல்லாம்னா?"

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். இரண்டு வரிசை. இரண்டாவதன் தலையில் 'சி'. பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுதி, இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றாள்.

வெளியே புதுக் கார்கள் வரிசையாக வெயிலில் நின்றன.

"வேன்ல போறதை எதுக்குச் சேர்த்தீங்க?"

"இனிமே அதுக்கும் நம்ம கார்லயே போலாமேன்னு."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன். நாலு மணி நேரம் மெஷினுக்குள்ள தலையை விட்டுட்டு நூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தனியா ஓட்டிட்டு வர என்னால முடியாது. போகும்போது நான் ஓட்டுவேன், வரும்போது அவர். பாதி நேரம் யாராவது ஒருத்தர் தூங்கிடுவோம்." அவள் தாளை மடித்தாள். "வட்டம் வேற போட்டிருக்கீங்க. நேரடியா கேளுங்க."

"எனக்குப் பிடிக்கல" என்றார் அவர். "நீ தப்பு பண்றேன்னு சொல்லல. அந்த ஆளோட உனக்கு நாப்பத்தொரு நாள் இருக்கு. எனக்கு உன்னோட அத்தனை நாள் இருக்கான்னு தெரியல. அதான் வயிறு எரியுது."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு காரின் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"நான் வந்து கதை கதையா சொல்றேன். நீங்க 'ம்' கொட்டுவீங்க. புரூஃப்ல இருந்து தலையை எடுக்க மாட்டீங்க. அவர் கேக்கறார், அவ்வளவுதான். அதுக்கு மேல அந்த வேன்ல ஒன்னும் இல்ல."

"ம்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

"இன்னொன்னும் கேட்டுக்கோங்க. பதின்மூவாயிரம் ஓட்டுறதுக்கு டீசல் வாங்கினா அஞ்சு வருஷத்துல அறுபதாயிரத்துக்கு மேல நட்டம். உங்க சந்தேகத்துக்கு அந்தப் பணத்தை நான் கட்ட மாட்டேன்."

உள்ளே போனதும், "பதின்மூவாயிரம்தான். ஊருக்குள்ளயே, விட்டு விட்டு ஓட்டுறது" என்றாள் மனைவி.

விற்பனைப் பெண் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அப்ப கண்டிப்பா பெட்ரோல் மேடம். டீசல்ல புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி ஒன்னு இருக்கு. நல்லா சூடாகி நீளமா ஓடினாத்தான் அது தானா சுத்தமாகும். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டினா அடைச்சுக்கும்."

படிவத்தில் பெட்ரோல் என்ற கட்டத்தில் அவரே குறியிட்டார்.

கார் வந்து பத்து நாள் கழித்து முதல் வெளியூர் வேலை. காலை ஆறரைக்கு வேன் வாசலில் நின்றது. கருவிப்பெட்டியை அவர் கீழே கொண்டுபோனார். சிரிப்பு இறங்கி வந்து அதை வாங்கிக்கொண்டு, "புது வண்டி எப்படி சார் போகுது?" என்று கேட்டார். பொல்லாத முகமாக இல்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. "நல்லா போகுது" என்றார். வேன் தெரு முனை திரும்பும் வரை நின்றார். அன்று அச்சகத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தார்.

மாலை ஏழு மணிக்கு அவள் வீடு திரும்பினாள். அவர் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இன்னிக்கு மெஷின்ல என்ன கோளாறு?"

அவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தாள். நீர் வரும் குழாயில் ஒரு வால்வு, அது கிடைக்காமல் அலைந்தது, படுக்கையில் காத்திருந்த ஒரு பெரியவர் சீக்கிரம் சீக்கிரம் என்று இவர்களை விரட்டியது. கதைக்குள் சிரிப்பின் பெயர் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் முள் குத்தியது. ஆனாலும் அவர் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், "அப்புறம்?" என்றார்.