மூன்று விநாடி விடை

பதுளைக் கடைவீதியில் ஸனூஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைகளில் மின்னியல் டிப்ளோமா நுழைவுப் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள், எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் வராவிட்டால் நான் கொழும்புக்குப் போய்க் காப்புறுதி விற்க வேண்டியதுதான். எங்கள் தோட்ட லயத்தில் முதல் பட்டதாரி காப்புறுதி விற்பதற்கா படித்தாள் என்று அம்மா கேட்பார்.

போன சனிக்கிழமை தெமோதரையிலிருந்து வரும் ரஜீவ் ஒரு நோட்டீசோடு வந்தான். பண்டாரவளையில் ஒரு டியூஷன் சேர் கணக்கே போடாமல் விடை எடுக்கச் சொல்லித் தருகிறாராம். விடைகளில் அதிகத் தரம் வரும் எண் எது, அதிகத் தரம் வரும் சொல் எது என்று பார்த்து, இரண்டும் சேர்ந்திருக்கும் விடையில் புள்ளடி போட வேண்டியதுதானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வியை வாசிக்காமல் கரண்ட் வேலைக்குப் போகிறவன் கம்பியைத் தொடும்போதும் இப்படித்தான் தொடுவானா என்று கேட்டேன்.

"கோவிக்காதீங்க டீச்சர். உங்க போன மாதப் பேப்பருக்கே போட்டுப் பார்த்தேன். இருபதுக்குப் பதினாறு."

அவன் கேள்விகளைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பச் செய்துகாட்டினான். பதினாறு சரி. ராத்திரி பகலாகக் கணக்குப் போட்ட தயானிக்குப் பதினான்கு. அவள் அழாத குறை.

யோசித்தால் குற்றம் என்னுடையதுதான். சரியான விடையை முதலில் எழுதி, அதில் ஒன்றை மாற்றி ஒரு பிழை விடை, இன்னொன்றை மாற்றி இன்னொரு பிழை விடை என்று செய்து வந்திருக்கிறேன். சரியான விடையின் துண்டுகள்தான் எல்லா விடையிலும் கிடக்கும். ரஜீவ் பொறுக்கி எடுத்துவிட்டான்.

வகுப்பு முழுக்கக் குசுகுசுத்தது. அடுத்த சனி எல்லாரும் பண்டாரவளைக்கு பஸ் ஏறும் யோசனை. நான் ஒரு கேள்வி தருகிறேன், ரஜீவின் தந்திரம் வென்றால் எல்லாரும் போங்கள், தோற்றால் இருங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

பலகையில் எழுதினேன். 30 ஓம் தடை, ஒரு சுருள், ஒரு கொள்ளளவி மூன்றும் தொடரில். சுருளின் சொந்தத் தடை 10 ஓம், தாக்குதிறன் 70 ஓம். கொள்ளளவியின் தாக்குதிறன் 40 ஓம். மொத்தத் தடங்கலும் அவத்தைக் கோணமும் எவை?

1) 42.4 ஓம், 45°, ஓட்டம் பிந்தும்
2) 42.4 ஓம், 45°, ஓட்டம் முந்தும்
3) 43.6 ஓம், 45°, ஓட்டம் பிந்தும்
4) 50.0 ஓம், 36.9°, ஓட்டம் பிந்தும்

மூன்று விநாடி ஆகவில்லை. "ஒண்ணு" என்றான் ரஜீவ். 42.4 இரண்டு தரம், 45 மூன்று தரம், பிந்தும் மூன்று தரம். பின்வரிசையில் கை தட்டினார்கள். கணக்குப் போட்டவர்களிலும் நான்கு பேருக்கு 42.4 தான் வந்தது. காப்புறுதிக் கம்பனியின் கழுத்துப்பட்டி கண்ணில் தெரிந்தது.

தயானி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "நாலு, டீச்சர்."

பலகைக்கு வந்து போட்டுக் காட்டினாள். 30உம் 10உம் சேர்த்துத் தடை 40. எழுபதில் நாற்பது போக மிச்சத் தாக்குதிறன் 30. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 50. முப்பதை நாற்பதால் வகுத்தால் 0.75, அந்த டானுக்குரிய கோணம் 36.9. சுருளின் பக்கம் கூட என்பதால் ஓட்டம் பிந்தும்.

ரஜீவ் விடவில்லை. சுருளுக்குத் தடை என்பது நம்மை ஏமாற்றப் போட்ட எண் என்றான். சுருள் சுருள்தானே, அது எப்படித் தடையாகும்?

"செம்புக் கம்பிதானடா அது. மீற்றர் நீளத்துக்குச் சுத்தி வச்சிருக்கு, தடை இல்லாமலா?" என்றாள் தயானி. "மீடிறனை, அதான் ஃப்ரீக்குவென்சியை, குறைச்சுக்கிட்டே போ. ஒரு இடத்துல ரெண்டு தாக்குதிறனும் சமமாகும், பரிவு. ரெண்டும் கழிஞ்சு போகும். 12 வோல்ட் குடு. நீ சொல்ற மாதிரி 30 மட்டும்னா 0.4 அம்பியர். அளந்தா 0.3 தான் வரும்."

நான் கீழே போய் ஸனூஸ் நானாவிடம் பழைய டியூப்லைட் சோக் ஒன்றும் மல்டிமீற்றரும் வாங்கி வந்தேன். சோக் என்பது வெறும் சுருள்தான். மீற்றர் கம்பிகளை ரஜீவையே வைக்கச் சொன்னேன். அந்தச் சுருளுக்கு மட்டுமே மீற்றர் நாற்பது ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அவன் கம்பிகளை மாற்றி வைத்துப் பார்த்தான். அதே எண். பட்டரி செத்திருக்கும் என்று சொல்லப் பார்த்தான், யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

பஸ் ஏறும் பேச்சு நின்றது. நோட்டீசை ரஜீவே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், கிழிக்க மனமில்லை. நானும் அவனை விடவில்லை. இனி என் பேப்பர் எல்லாம் முதலில் அவனிடம் போகும், கேள்வியை மறைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் நான் திரும்ப எழுத வேண்டும்.

இந்த வாரம் ஐந்து கேள்வி கொடுத்தேன். மூன்றைப் பிடித்துவிட்டான், சனியன். திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.