தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

நான் செய்த தப்பு ஒன்றுதான் என்று கடைக்கு வருகிறவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், செய்தது இரண்டு. முதல் தப்பைக் கம்ப்யூட்டரில் செய்தேன். இரண்டாவதைப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தேன்.

என் பெயர் சரிதா. ஆட்டையாம்பட்டி கடைவீதியில் பதினெட்டு வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கலெக்டருக்கு மனு எல்லாம் அடித்துக் கொடுப்பேன். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி ஜோதி வந்தாள். ராசிபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு நூல் மில்லில், கோனில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார்.

"அக்கா, ஒரு லெட்டர் அடிக்கோணும். ஆளுக இல்லாதப்பச் சொல்றேனுங்க" என்றாள்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். சொன்னாள். ஜூன் எட்டாம் தேதி, கோன் பெட்டிகள் அடுக்கும் அறையில், சூப்பர்வைசர் செய்ததைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை எழுதி நடந்தது போதும். அடித்து முடித்தபோது அவள் முந்தானை முழுக்க நனைந்திருந்தது.

"இதை எங்க ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலீங்க்கா. சொன்னா அவரு அவனை வெட்டிப்போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிருவாரு. கமிட்டி அவனைக் கூப்புட்டுக் கேட்டாப் போதும். அவன் அந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

மில்லில் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி இருக்கிறது. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அப்படியென்றால் செப்டம்பர் எட்டு. கையால் எழுதிய ஒன்றை அவள் ஏற்கெனவே கொண்டுபோயிருக்கிறாள். அதெல்லாம் மெயிலில் அனுப்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் மோகன்குமார். அவர்தான் அங்கே ஹெச்.ஆர். மேனேஜர்.

அவள் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள் என்று என் கடை மெயிலிலிருந்தே அனுப்பச் சொன்னாள். நான் எப்போதும் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்புவேன். அதில் எழுத்துருவும் சேர்ந்தே போகும், எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாக இருக்கும். அன்றைக்கு மட்டும் புத்தி கோணலாகப் போனது. இணைப்பை எவன் திறந்து பார்ப்பான், மெயிலைத் திறந்ததும் கண்ணில் அறைகிற மாதிரி இருக்கட்டும் என்று, அடித்ததை அப்படியே எடுத்து மெயிலுக்குள் ஒட்டி அனுப்பிவிட்டேன். என் திரையில் பளிச்சென்று தமிழாகத்தான் தெரிந்தது.

பதினான்கு நாள் கழித்து மோகன்குமாரிடமிருந்து பதில் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. தங்கள் மின்னஞ்சலில் பொருளற்ற குறிகளே உள்ளன, அதைப் புகாராக ஏற்க இயலாது, புகாருக்கான காலமும் முடிந்துவிட்டது.

நான் அனுப்பிய மெயிலை என் போனில் திறந்து பார்த்தேன். ஜோதி என்று இருக்க வேண்டிய இடத்தில் N[hjp என்று நின்றது. ஐயா என்ற இடத்தில் Iah. மூன்று பக்கமும் இதே கூத்து.

எங்களைப் போன்ற பழைய ஆட்களின் வண்டவாளம் இதுதான். நாங்கள் அடிக்கிற பழைய பாண்டில், அதாவது எழுத்துருவில், தமிழ் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான். j என்ற எழுத்துக்கு 'த' என்று படம் வரைந்து வைத்திருக்கிறான், k என்றால் 'ம'. அந்த பாண்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே பல்லை இளிக்கும். மெயிலோடு பாண்டின் பெயர் போகும், பாண்ட் போகாது. என் கம்ப்யூட்டரில் அது இருந்ததால் எனக்குத் தமிழாகத் தெரிந்தது.

கட்டம் கட்டமாக வருவது வேறு. அங்கே வந்தது யூனிகோடு தமிழ்தான், அதைக் காட்ட அந்த இடத்தில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கேள்விக்குறியாக வரிசை கட்டினால் வழியிலேயே தமிழ் செத்துப்போயிற்று, மீட்க முடியாது. எங்கள் கேஸில் எழுத்து சாகவில்லை. அந்த பாண்டை ஒரு தடவை போட்டிருந்தால் அத்தனையும் எழுந்து நின்றிருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜோதி வந்து பதிலைக் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எழுதித் தாரேன் சாமி, தப்பு என்னுதுன்னு" என்றேன். "காரணம் சரியா இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டலாம்னு சட்டத்துலயே இருக்குது."

அந்த மில்லின் அறிவிப்புகளை வருஷக்கணக்காக நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் இதே பாண்டைப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான். ஆனால் ஜனவரியில் அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழையதோடு பாண்டும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் மனுஷனுக்கு அறிவு வேலை செய்யாது போலிருக்கிறது.

'பழைய எழுத்துருவில் அனுப்பியதால் பெறுபவரால் அந்த மின்னஞ்சலைப் படித்திருக்க இயலாது. பிழை முழுவதும் என்னுடையது. ஜோதிக்குக் கால நீட்டிப்பு வழங்க வேண்டுகிறேன்.' கீழே கையெழுத்து, கடை முத்திரை. புகாரை யூனிகோடில் புதிதாக அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, போனிலும் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினேன். இந்தத் தடவை தப்பே இல்லை.

அக்டோபர் முதல் வாரம் கமிட்டியின் முடிவு வந்தது. முதல் மின்னஞ்சல் படிக்க இயலாதது என்று அனுப்பியவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், உரிய காலத்தில் புகார் வரவில்லை. தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவு கால நீட்டிப்புக்குப் போதிய காரணம் ஆகாது. முடிந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜோதி மறுநாளே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் மில் ஆபீசிலிருந்து கமலவேணி கூப்பிட்டாள். மோகன்குமாருக்குக் கீழே மெயில், பைல் எல்லாம் பார்க்கிற பெண். தீபாவளி லீவு அறிவிப்பில் ஒரு தேதியை மாற்றினால் வரி உடைகிறதாம், வந்து சரிசெய்து தரச் சொன்னாள். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

பைலைத் திறந்தேன். நான் அடித்தது அப்படியே தமிழாகத் திறந்தது. பாண்ட் பட்டியலைப் பார்த்தேன், என் பழைய பாண்ட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஏனுங் கமலவேணி, இதை யாரு இதுல போட்டது?"

"நாந்தானுங்க்கா. பழசுல இருந்து காப்பி பண்ணிப் போட்டேன், ஜனவரியிலயே."

"நான் ஜோதிக்காக அனுப்புன மெயிலை இதுலதானே திறந்தீங்க?"

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு மவுஸை எடுத்து அவளே அந்த மெயிலைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று பக்கமும் தமிழ். ஒரு புள்ளி, ஒரு கொம்பு விழவில்லை. ஜோதி ஜோதியாகவே நின்றாள். அந்தப் பெட்டி அறையும், அவன் செய்ததும், அவன் கையை அவள் கடித்துவிட்டு ஓடியதும், எல்லாமே வரிசையாகத் தெரிந்தது.

"வந்த அன்னைக்கே படிச்சாச்சுங்க்கா" என்று மெதுவாகச் சொன்னாள் கமலவேணி. "சாரு ரெண்டு பிரிண்ட் எடுக்கச் சொன்னாரு. ஒண்ணு அந்த சூப்பர்வைசருக்கு. எட்டாம் தேதி தாண்டட்டும்னு சொல்லிட்டாரு. நான் ரெண்டு புள்ளைகளை வெச்சிருக்கறவங்க்கா, என்னைய மாட்டிவிட்றாதீங்க."

அப்போது மோகன்குமார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு துளி பதற்றம் இல்லை அந்த மனுஷனிடம்.

"இது படிக்கற மாதிரித்தானே இருக்குது?" என்றேன்.

"இப்ப இருக்குதுங்க. நீங்க இப்ப வந்து ஏதாச்சும் பண்ணியிருப்பீங்க."

"பாண்ட் ஜனவரியில இருந்தே இதுல இருக்குது. நீங்க அன்னைக்கே படிச்சீங்க."

"படிக்க முடியாதுன்னு நான் மட்டுமாங்க சொன்னேன்? நீங்கதானே எழுதி, சீல் வெச்சுக் குடுத்தீங்க. பைல்ல பத்திரமா இருக்குது, காட்டட்டுங்களா?"

எனக்கு வாய் நீளம் என்று புருஷனே சொல்வார். அன்றைக்கு நாசமாய்ப் போ என்றுகூடச் சொல்லத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நேராக ஜோதி வீட்டுக்குப் போனேன். கொலுசுக்கு வளையம் கோர்க்கும் வேலையை வீட்டிலேயே வாங்கிச் செய்துகொண்டிருந்தாள். சேரைத் துடைத்துப் போட்டாள்.

"உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க்கா" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. "யோசிச்சுப் பாத்தா நல்லதுன்னுதான் தோணுது. அதை எவனும் படிக்காமயே போச்சு. அந்த ஒரு நிம்மதியோட இருந்துக்குவேன்."

அப்படியே எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் மேலே முறையிட இன்னும் நாள் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். என் கடிதத்துக்கு எதிராக நானே சாட்சி சொல்லத் தயார். அதற்கு இவளுக்கு உண்மை தெரிய வேண்டும். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை வளையத்தோடு நின்றது.

"யாரெல்லாம் படிச்சாங்க?"

"மேனேஜரு. கமலவேணி."

"அவன்?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. "அவனுக்கும் ஒரு பிரிண்ட் போயிருக்குது" என்றேன்.

ஜோதி அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"ஒரு மாசத்துக்கு மேல அவன்கிட்டத்தான வேலை பாத்தேன். தெனமும் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க்கா. நான் புகார் குடுத்தது தெரியாமச் சிரிக்கறான், தெரியட்டும், அப்பறம் இருக்குதுன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் தெனமும் வேலைக்குப் போனேன்" என்றாள். "என் லெட்டரைப் படிச்சுட்டுத்தான் சிரிச்சானா?"

ஆமாம் என்றேன்.