நாலரை மணி வரி

மாலை நாலரைக்கு அந்த வரி வரும். அவன் பார்த்துக்கொள்ளும் பத்திரிகைத் தளத்தின் சர்வர் பதிவில், எத்தனையோ வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி. கடலுக்கு அப்பால் ஓர் ஊரில், தினமும் ஒரே இணைய முகவரியிலிருந்து யாரோ அன்றைய குறுக்கெழுத்துக் கட்டத்தைக் கேட்டிருப்பார்கள். அங்கே அப்போது காலை ஏழு.

அந்த ஊரில்தான் அவனுடைய அக்கா இருந்தாள். பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். சின்ன வயதில் இருவரும் குறுக்கெழுத்துக்காக அடித்துக்கொண்டவர்கள். வேறு யார் இருக்க முடியும் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். வரியைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போவான்.

"வெளிநாட்டு வாசகர்கள் புலம்பறாங்கப்பா," என்றார் மேலாளர். "நம்ம பக்கம் திறக்கிறதுக்குள்ள பல்லு விளக்கி முடிச்சிடலாமாம்."

நியாயம்தான். பக்கத்துக்கு நாற்பது கோப்புகள். ஒவ்வொன்றுக்குமான கோரிக்கை கடல் தாண்டி இங்கே வந்து, கோப்பு கடல் தாண்டித் திரும்ப வேண்டும். சிடிஎன் என்ற சேவையைப் போட்டால் வாசகருக்குப் பக்கத்திலேயே ஓர் இடைச் சர்வர் இருக்கும். முதல் ஆள் கேட்கும்போது மட்டும் அது இங்கே வந்து வாங்கிப்போகும். பிறகு வருபவர்களுக்குத் தன்னிடமுள்ள நகலைக் கொடுத்துவிடும். அவர்கள் இங்கே வரவே வேண்டாம்.

வரியும் வராது.

சிடிஎன் போட்டான். குறுக்கெழுத்துக் கட்டத்தை மட்டும் நகல் வைக்காதே என்று ஒரு விதி எழுதினான். அது பழையபடி கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. நாலரைக்கு, இடைச் சர்வர் ஒட்டி அனுப்பிய அதே முகவரியுடன், வரி வந்தது.

மூன்றாம் நாள் மேலாளர் வந்தார்.

"பக்கத்துல மத்ததெல்லாம் வந்து உக்காந்தாச்சு. கட்டம் மட்டும் இன்னும் நடந்து வருதே. வழியில டீ குடிக்குதா?"

"ஒரு விதி இருக்கு சார்."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"எடுத்துடுப்பா."

எடுத்தான்.

மறுநாள் நாலரைக்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே அந்த ஊரில் வேறு யாரோ கேட்டுவிட்டார்கள். நகல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். டீக்கு அவன் போகவில்லை. ஐந்தாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டான்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்ல, நல்லா இருக்காங்க. குறுக்கெழுத்து இப்ப சீக்கிரம் திறக்குதா?"

"என்ன குறுக்கெழுத்து?"

"எங்க தளத்துல. தினம் காலைல போடுவியே."

"நானா? பிள்ளைங்கள கிளப்பி விடவே நேரம் போதல. நீ எங்க வேலை பாக்கறேன்னே எனக்குத் தெரியாதுடா."

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை காலுறையைக் காணோம் என்று கத்தியது.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லக்கா."

"சரி, வண்டி வந்துடும். வச்சிடறேன்."

திரையில் சிடிஎன் கணக்கு இருந்தது. அந்த ஊரில் அன்று அறுபத்திரண்டு பேர். ஒருவரையும் அவனுக்குத் தெரியாது. அத்தனை பேருக்கும் கட்டம் அரை நொடியில் திறந்திருந்தது.