பன்னிரண்டு யூனிட்

என் மனைவி விஜயராணிக்கு ஊசியை விட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. ஏழு வருடமாக ராத்திரி படுக்கும் முன் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறாள். போன வருடம் ராத்திரிச் சோற்றை அடியோடு நிறுத்தினாள். தீபாவளிக்கு அவள் தங்கை நீட்டிய அதிரசத்தைக்கூடத் தொடவில்லை. அந்த வைராக்கியம் எனக்கு வந்திருந்தால் இரண்டு நாள் தாங்காது.

அதற்குப் பலன் கிடைத்தது என்றே நினைத்தோம். இருபத்தாறு யூனிட் போட்டவளுக்குத் தவளக்குப்பம் டாக்டர் இருபத்திரண்டாக்கினார். பிறகு பதினெட்டு, போன மாதம் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து அவளுக்கு வியர்த்துக் கொட்டியதால்தான் குறைத்தார். பொங்கலுக்குள் ஊசி நின்றுவிடும் என்று ஏம்பலத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள் மகராசி.

டாக்டரிடம் காட்டி ஊசியை நிறுத்தக் கேட்கலாம், கணக்கெழுதுங்க என்று என்னை விரட்டினாள். காலைச் சர்க்கரை எல்லாம் மீட்டரில் தேதியோடு பதிவாகியிருந்தது. எத்தனை யூனிட் என்பது டாக்டர் சீட்டுகளில் இருந்தது. ராத்திரி போட்ட யூனிட்டையும் அதற்குப் பக்கத்திலேயே மறுநாள் காலைச் சர்க்கரையையும் நாள்வாரியாக ஒரே தாளில் எழுதினேன். இரண்டும் சேர்ந்தே இறங்கின. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்குத் தையல் கம்பெனியில் லீவு தரவில்லை.

டாக்டர் தாளை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார்.

"மருந்தைக் கொறச்சா காலை சுகர் கொஞ்சமாவது ஏறணும். இங்க அதுவும் எறங்குது. கால் வீங்குதா அவங்களுக்கு?"

வீங்கியது. நாளெல்லாம் மிஷின் மிதிப்பதால் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் ரத்தமும் சிறுநீரும் கொடுக்கும்போது, ஊசியை நிறுத்தத்தான் இந்த டெஸ்ட் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாளாம். ரிசல்ட்டை நான்தான் வாங்கினேன். இரண்டு கிட்னியும் பாதிக்கு மேல் கெட்டிருந்தன. கெட்ட கிட்னியால் இன்சுலினைக் கழிக்க முடியாது, அது ரத்தத்திலேயே தங்கிச் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர். பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதிவிட்டு, இன்றிலிருந்து எட்டு யூனிட் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது யூனிட்டைத்தான். எட்டு என்றதும் முகமெல்லாம் பூரித்துவிட்டது. அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கிட்னியைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னாங்க, அப்ப நான் சோத்த வுட்டதால கொறையலியா?"

அதனாலும் கொஞ்சம் குறைந்தது என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.