ஒரே இடத்தில் கிளம்பிய நான்கு கோடுகள்

என் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. நான்தான் ஒட்டினேன், பெருமை தாங்காமல். நான்கு நிறக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரே தடிமனில் கிடக்கும். எங்கள் தொழிலில் இதைக் கம்பளிப்பூச்சி என்போம். படம் கம்பளிப்பூச்சி மாதிரி வந்துவிட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். போன வருஷம் நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

கடலில் ஒரு வகை மீன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிடுவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. யாரும் கடலுக்குள் இறங்கித் தலையை எண்ண முடியாது. எத்தனை மணி நேரம் வலை விரித்தார்கள், எவ்வளவு கிடைத்தது, மீன் என்ன நீளம் என்று வருஷக்கணக்கில் சேர்த்த விவரம் இருக்கிறது. அதோடு ஒத்துப்போகும் எண்களைத் தேடிக்கொண்டு வா என்று, அடிக்கு அடி எண்ணை மாற்றிப் பார்த்துக்கொண்டே போகும் நான்கு சங்கிலிகளைக் கணினிக்குள் அனுப்புவோம். ஒரே ஆளை அனுப்பினால் அவன் சொல்வதைத்தான் கேட்கவேண்டும், அதனால் நான்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அடியிலும் எந்த எண்ணில் நின்றது என்று கோடு போட்டால் அதுதான் ட்ரேஸ் ப்ளாட். நான்கும் ஒரே பகுதியில் கலந்து உலவினால் விடையை நம்பலாம். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் நம்பக் கூடாது.

போன வருஷம் நான்கும் பன்னிரண்டாயிரம் டன் பக்கம் கலந்து உலவின. இருபதாயிரத்துக்குக் கீழே போனால் அந்த மீனைப் பிடிக்கவே கூடாது என்பது விதி. கடலை மூடினார்கள்.

என் அண்ணனின் படகுக்கு அந்த மீனுக்கு மட்டும்தான் உரிமம். அவனுக்குப் படகு இருப்பதை நான் வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒளிவு மறைவு கிடையாது. ஒரு பருவம் அவன் படகு கரையில் கட்டிக் கிடந்தது. இரண்டு பருவம் தொடர்ந்து சும்மா கிடந்தால் உரிமம் ரத்து, படகை உடைக்கக் கொடுக்கவேண்டும். அதனால் இந்த வருஷக் கணக்கில்தான் அவன் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்தது. பார்க்கும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். "மீன் எங்கேயும் போகலம்மா. தண்ணி சூடாயிடுச்சு, ஆழத்துக்கு இறங்கிடுச்சு. வலைக்குச் சிக்கல, அவ்வளவுதான்."

"நீ உள்ளே போய்ப் பாத்தியா?" என்று நானும் சளைக்காமல் கேட்பேன். அண்ணி நடுவில் புகுந்து, "ரெண்டு பேருமே பாக்கல, சாப்பிடுங்க" என்பாள்.

கடலைத் திறப்பதா மூடுவதா என்று கமிட்டி முடிவெடுக்கும் கூட்டம் வியாழக்கிழமை. அதற்குப் பத்து நாள் முன்னால் புதுக் கணினியில் ஓட்டத்தைத் தொடங்கினேன். மறுநாள் காலை பையைக்கூடக் கீழே வைக்காமல் படத்தைத் திறந்தேன். இரண்டு கோடுகள் பன்னிரண்டாயிரத்தில் நெளிந்துகொண்டிருந்தன. இரண்டு கோடுகள் நாற்பதாயிரத்தில். நடுவில் வெறும் வெள்ளை. சங்கிலிகள் கலந்தனவா என்று சொல்ல ஓர் எண் உண்டு, ஒன்றை ஒட்டியே இருக்கவேண்டும். அது நாலைத் தாண்டி நின்றது.

முதலில் கணினியைத் திட்டினேன். பிறகு என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகத் துருவினேன். எல்லாம் அதேதான், ஒரே ஒரு சின்னக் கோப்பைத் தவிர. பழைய கணினியில் சங்கிலிகள் எந்த எண்ணிலிருந்து கிளம்பவேண்டும் என்று நான் எழுதி வைத்த கோப்பு அது. புதியதற்கு அதை எடுத்து வர மறந்திருந்தேன். அதனால் மென்பொருள் தானாகவே நான்கையும் நான்கு திசையில் சிதறடித்து விட்டிருந்தது.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்கு வரி. நான்கும் ஒரே எண். சீக்கிரம் முடியட்டும் என்று, ஏற்கெனவே கிடைத்த ஒரு நல்ல விடையை நான்கு சங்கிலிக்கும் தொடக்கமாகக் கொடுத்திருக்கிறேன், புத்திசாலி! நான்கு பேரையும் ஒரே வாசலில் இறக்கிவிட்டு, நான்கு பேரும் ஒரே தெருவைத்தான் பார்த்தோம் என்று சொன்னதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். தொடக்க அடிகளைப் படத்தில் காட்டுவதில்லை, வெட்டிவிடுவோம். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

போன வருஷத்து விவரத்தையே எடுத்து, சிதறிய தொடக்கத்தோடு ஓட்டிப் பார்த்தேன். அதிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்த விவரம் அப்போதே இரண்டு கதை சொல்லியிருக்கிறது. மீன் குறைவு, இருப்பது வலையில் எளிதாகச் சிக்குகிறது. அல்லது மீன் நிறைய, வலைக்குத் தப்புகிறது. எது உண்மை என்று அந்த எண்களுக்கே தெரியாது. நான் ஒரு கதையை மட்டும் கேட்டுவிட்டுக் கடலை மூடியிருக்கிறேன்.

இன்னும் நீளமாக ஓடினால் கலந்துவிடும் என்று ஒரு நப்பாசை. வெள்ளிக்கிழமை பத்து மடங்கு நீளத்துக்கு ஓடவிட்டேன். திங்கள் மதியம் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் மேலே இருந்த சிவப்புக் கோடு தொபுக்கென்று கீழே விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மற்றவை இருந்த இடத்திலேயே. அத்தனை அடிகளில் ஒரே ஒரு தாவல். இதைக் கலப்பு என்று எந்த முட்டாளும் சொல்ல மாட்டான்.

இயக்குநரிடம் போனேன். அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். எந்தப் பேச்சானாலும் இரண்டு நிமிடத்தில் முடித்துவைப்பார்.

"மூணு கீழே, ஒண்ணு மேலே. மெஜாரிட்டி கீழேதானே?" என்றார் படத்தைப் பார்த்து.

"இது ஓட்டு இல்ல சார். எந்தப் பக்கம் கிளம்புச்சோ அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. மூணு பேர் அங்க இருக்கிறதால அது மூணு மடங்கு உண்மை ஆகாது. இன்னொரு தடவை ஓட்டினா மூணு மேலே நிக்கலாம்."

"அப்போ சங்கிலி கலக்கலன்னு எழுதுங்க. கலக்கலன்னா என்ன விதி? கடைசியா கலந்த வருஷத்து மதிப்பு அப்படியே தொடரும். போன வருஷம். முடிஞ்சுது."

"சார், போன வருஷமே கலக்கல சார். நான் பண்ணின தப்பு. எல்லாத்தையும் ஒரே இடத்துல கிளப்பிவிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், எனக்குத் தெரியும். "கமிட்டி ஏத்துக்கிட்ட கணக்கும்மா அது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அதைத் திறக்க அதிகாரம் கிடையாது. மறுபரிசீலனைக்கு மனு போடுங்க, நானே சிபாரிசு பண்றேன். வெளியாள் ரெண்டு பேர் பார்க்கணும். எப்படியும் எட்டு மாசம்."

"எட்டு மாசத்துல பருவமே முடிஞ்சிடும் சார்."

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அவர் நிஜமாகவே கேட்டார். மனுவை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். நான்கு சங்கிலியையும் நாற்பதாயிரத்தில் கிளப்பிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் படம் வந்தது. அடடா, என்ன அழகான கம்பளிப்பூச்சி! கலப்பைச் சொல்லும் எண் ஒன்று, சுத்தமாக ஒன்று. இதைக் கமிட்டிக்கு அனுப்பினால் கடல் திறக்கும், படகு பிழைக்கும், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். போன வருஷத்தை யார் கேட்டார்கள்? சுவரில் இருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. ஒருவேளை மீன் உண்மையிலேயே பன்னிரண்டாயிரம்தான் என்றால், நூறு படகும் ஒரே பருவத்தில் அடியோடு வழித்துவிடும். அப்புறம் அண்ணனுக்கும் இல்லை, எவனுக்கும் இல்லை. தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்யக் கை வரவில்லை. கோப்பை அழித்துவிட்டு, கழிவறையில் போய் அழுதேன்.

வியாழக்கிழமை கூட்டம் பதினெட்டு நிமிடம் நடந்தது. பிரிந்து நிற்கும் கோடுகளைத் திரையில் காட்டினேன். போன வருஷத்துத் தவறையும் சொன்னேன். "குறிப்பில் பதிவு செய்யப்படுகிறது" என்றார்கள். போன வருஷத்து மதிப்பு தொடர்ந்தது. கடல் மூடியே கிடக்கும்.

சாயந்திரம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் உரிமப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி தண்ணீர் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கைபேசியில் இரண்டு படங்களையும் காட்டினேன். போன வருஷத்துப் படத்தை அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "இது நல்லாதானே இருக்கு?"

"நல்லாதான் இருக்கும். எல்லாத்தையும் ஒரே இடத்துல இறக்கிவிட்டா நல்லாதான் இருக்கும்."

"சரி, இப்போ சொல்லு. மீன் இருக்கா, இல்லையா?"

"தெரியாதுண்ணா."

"இதை நான் படிக்காமலேயே சொல்லியிருப்பேனே" என்று சிரித்தான். அண்ணி அவன் தோளில் ஓர் அடி போட்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் கோபித்துக்கொண்டு கத்துவான், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன்.

அவன் மறுபடி படத்தைப் பார்த்தான். இந்த முறை சிரிப்பில்லை. "கோடு சேரலைன்னா முந்தின வருஷத்து மதிப்புதான் தொடரும், அதுதானே விதி?"

"ஆமா."

"அப்போ போன வருஷமே நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் இல்லை. பத்து நாளாக அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன், கிட்டே போகாமல். அதற்கு முந்தின வருஷத்து மதிப்பு முப்பத்தொன்றாயிரம் டன்.

"கடல் திறந்திருக்கும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கைபேசியை எனக்கே திருப்பிக் கொடுத்தான். உரிமப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு படிவத்தை உருவி, மடிப்பை நீவி, பேனாவோடு என் பக்கம் தள்ளினான். படகை ஒப்படைக்கும் படிவம்.

"நீயே எழுதிடும்மா. எனக்குக் கை ஓடல" என்றான்.

உரிமையாளர் பெயர், படகின் எண், நீளம் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அங்கே என்ன எழுதவேண்டும் என்று அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள், டிக் மட்டும் போட்டால் போதும். மதிப்பீட்டின்படி மீன் இருப்பு குறைவு. நான் டிக் போட்டேன்.